கல்லீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு நீர்க்கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பிறகு என்ன?

"டாக்டர், எனக்கு 43 வயது. கம்பெனியில் மாஸ்டர் செக்கப் எடுத்தபோது வயிற்று ஸ்கேனில் வலது பக்கக் கல்லீரலில் 19 × 16 மி.மீ. ஹைப்பர்எகோயிக் லீஷன், ஹெமஞ்சியோமாவாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இடது பக்கம் 12 மி.மீ. சிம்பிள் சிஸ்ட். கிரேடு 1 ஃபேட்டி லிவர். ஆறு மாதத்தில் ஃபாலோ-அப் என்று முடித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டில் உடனே சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம் சும்மா இருந்தால் கேன்சராக மாறிவிடாதா? ஆபரேஷன் தேவைப்படுமா?"

ஹெமஞ்சியோமா கேன்சராக மாறாது. சாதாரண நீர்க்கட்டியும் அப்படித்தான். ஆபரேஷன் பேச்சே இங்கே வேண்டாம். இனி பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்கேனில் தெரிந்தது உண்மையிலேயே ஹெமஞ்சியோமாதானா என்பது. ஃபாலோ-அப், சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாமே அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹெமஞ்சியோமா என்பது சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பஞ்சு மாதிரி ஆன ஓர் இடம். கல்லீரலில் வருகிற கெடுதல் இல்லாத கட்டிகளில் இதுதான் அதிகம், அதிலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு அதிகம் தென்படும். பெரும்பாலும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. உங்களுக்கும் அப்படித்தான், செக்கப் எடுக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

ரத்தம் நிறைந்த இடம் ஸ்கேனில் கறுப்பாகத்தானே தெரிய வேண்டும், ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தப் பஞ்சுக்குள் ரத்தத்தைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சுவரிலும் ஒலி மோதித் திரும்புவதால் இடம் முழுக்க ஒரே சீராக வெளுத்துத் தெரியும், ஓரம் பளிச்சென்று வெட்டினாற்போல இருக்கும். ஹைப்பர்எகோயிக் என்ற வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம், சுற்றியுள்ள கல்லீரலைவிட வெள்ளையாக இருக்கிறது. சிலர் ரிப்போர்ட்டில் டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு, ரத்தக்குழாய்க் கட்டி என்கிறீர்கள், ரத்தமே ஓடவில்லையே என்று குழம்பிப்போவார்கள். உள்ளே ரத்தம் மிக மெதுவாக நகர்கிறது, அந்த வேகத்தை டாப்ளர் பெரும்பாலும் பிடிக்காது. ஓட்டம் தெரியாததே ஹெமஞ்சியோமாவுக்கு ஒத்துப்போகிற சங்கதிதான்.

நீர்க்கட்டி இதற்கு நேர் எதிர். உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருப்பதால் படத்தில் கறுகறுவென்று இருக்கும், சுவர் நூல் மாதிரி மெல்லியது, ஒலி தடையில்லாமல் கடந்துபோவதால் அதன் பின்பக்கம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். இந்த மூன்றும் இருந்து, உள்ளே தடுப்போ சதைத் துணுக்கோ இல்லையென்றால் அது சாதாரண சிஸ்ட், வேறு டெஸ்ட் எதுவும் வேண்டாம். தொந்தரவு தராத சாதாரண சிஸ்டைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியதும் இல்லை. ஆகவே உங்களுடைய 12 மி.மீ. சிஸ்டை இத்தோடு மறந்துவிடலாம்.

சிஸ்ட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ளே தடுப்புகள், பெரிய கட்டிக்குள் குட்டிக் குட்டிக் கட்டிகள், மிதக்கிற சவ்வு என்று எழுதியிருந்தால் அது வேறு கதை. ஆடு வளர்க்கிற வீடுகளிலும் நாயோடு அதிகம் புழங்குகிறவர்களிடமும் ஒரு வகை நாடாப்புழுவால் வருகிற ஹைடாடிட் கட்டி அப்படித்தான் தெரியும். அதை நீர்க்கட்டிதானே என்று அவசரப்பட்டு ஊசி போட்டு உறிஞ்சக் கூடாது, கசிந்தால் கடுமையான அலர்ஜி வரலாம், புழுவும் வயிற்றுக்குள் பரவலாம். உங்கள் ரிப்போர்ட்டில் சிம்பிள் என்று தெளிவாக இருப்பதால் இது உங்களுக்கு இல்லை.

சரி, 19 மி.மீ. வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். இங்கே படத்தைவிட அந்தக் கல்லீரல் யாருடையது என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: கல்லீரல் நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு, 3 செ.மீ.க்குக் குறைவாக, ஒரே சீராக வெள்ளையாக, ஓரம் தெளிவாக, சுற்றிலும் கறுப்பு வளையம் இல்லாமல் இருந்தால், அல்ட்ராசவுண்ட் மட்டுமே போதும், அதுவே ஹெமஞ்சியோமா என்று முடிவு சொல்லலாம். அப்படி வழக்கமான ஹெமஞ்சியோமா என்று உறுதியானால் தொடர் ஸ்கேனும் அவசியமில்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

அதே புள்ளி, அதே 19 மி.மீ., ஹெபடைடிஸ் பி இருக்கிற ஒருவருக்கு வந்தால் நான் இப்படிப் பேச மாட்டேன். ஆரம்பநிலைக் கல்லீரல் புற்றுநோயும் சில சமயம் வெள்ளையாகவே தெரியும். வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியும் தெரியலாம். என்னிடம் வந்த ஒருவர் கையில் ஹெமஞ்சியோமா என்று எழுதிய ரிப்போர்ட்டோடு நிம்மதியாகத்தான் வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, பல வருஷத்துக்கு முன்னால் ரத்ததானம் செய்யப்போன இடத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார், சாதாரணமாக. அந்த ஒரு வரிக்காகவே அவரை அன்றே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். சீக்கிரம் பிடித்ததால் சிகிச்சை கொடுக்க முடிந்தது.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை இவை. ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் எப்போதாவது எடுத்திருக்கிறீர்களா? மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை, தனியாகக் கேட்டு எடுத்துவிடுங்கள், சாதாரண ரத்தப் பரிசோதனைதான். உங்களுக்கு முன்பு எங்காவது கேன்சர் வந்து சிகிச்சை எடுத்ததுண்டா? மதுப்பழக்கம், கல்லீரல் சுருக்கம், காரணம் தெரியாத எடை குறைவு ஏதேனும்? எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில் என்றால் வீட்டில் சொல்கிற சி.டி. தேவையில்லை. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், இப்போதே காண்ட்ராஸ்ட் ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும். கேன்சர் மார்க்கர் என்று சொல்லி ரத்தத்தில் நாலைந்து டெஸ்ட் எடுக்காதீர்கள், அது நார்மலாக வந்தாலும் நிம்மதி தராது, கொஞ்சம் கூடினால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்.

உங்களுக்கு இருக்கிற ஃபேட்டி லிவர் இதில் ஒரு சின்னக் குழப்பத்தை உண்டாக்கும். கொழுப்பு சேரச் சேரக் கல்லீரலே வெளுத்துப்போகும். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பொட்டு வைத்தால் எப்படித் தெரியும்? அதிகக் கொழுப்புள்ள கல்லீரலில் ஹெமஞ்சியோமா மங்கலாகவோ, சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகவோகூடத் தெரியும், உடனே சந்தேகத்துக்குரியது என்று எழுத வேண்டியதாகிவிடும். உங்களுக்குக் கிரேடு 1 தான், புள்ளி வெள்ளையாகவே தெரிகிறது என்பதால் படம் நம்பும்படிதான் இருக்கிறது.

ஒருவேளை காண்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுப்பதென்றால் ஒரு விஷயத்தைக் கேட்டு எடுங்கள். கையில் மருந்து ஏற்றியதும் ஹெமஞ்சியோமாவின் ஓரத்தில் மட்டும் விட்டுவிட்டு வெளிச்சப் பொட்டுகள் தோன்றும், பிறகு நிமிஷக் கணக்கில் மெல்ல மெல்ல நடுப்பக்கம் நோக்கி நிறையும். அந்த நிறைகிற விதம்தான் அடையாளம். ஒரே ஒரு கட்டத்தில் படம் பிடிக்கிற சாதாரண சி.டி. எடுத்தால் இது தெரியாது, திரும்பவும் "ஹெமஞ்சியோமாவாக இருக்கலாம்" என்றுதான் ரிப்போர்ட் வரும், காசும் கதிர்வீச்சும் வீண். மூன்று கட்டமாக எடுக்கிற ட்ரைபேசிக் சி.டி. வேண்டும், அதைவிட எம்.ஆர்.ஐ. நல்லது, 2 செ.மீ. அளவுள்ள சின்னப் புள்ளிக்கு அதுதான் தெளிவாகச் சொல்லும். கிட்னி சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு மருந்து ஏற்றுவார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், ரத்தக்குழாய்க் கட்டியில் ஊசி குத்தினால் ரத்தம் கசியும், படமே போதுமான இடத்தில் அது வேண்டாத ஆபத்து.

அப்படியானால் ரிப்போர்ட்டில் ஏன் ஆறு மாதம் என்று எழுதினார்கள்? ஸ்கேன் எடுத்த டாக்டருக்கு உங்கள் ரத்த ரிப்போர்ட்டும் பழைய வரலாறும் தெரியாது, முதல்முறை பார்க்கிறார், பழைய படம் இல்லை. எனவே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது அவருடைய கடமை. மனசு கேட்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து ஒரே ஒருமுறை பாருங்கள், முடிந்தால் அதே சென்டரில். அதற்குமேல் வருஷா வருஷம் வேண்டாம்.

அப்போது அளவு 21 என்று வந்தால் கலங்காதீர்கள். என்னிடம் ஓர் அம்மா நான்கு ரிப்போர்ட் கொண்டுவந்தார்: 18, 21, 17, 20 மி.மீ. இரண்டு வருஷம் ஒவ்வொரு தடவையும் வளர்ந்துவிட்டது, சுருங்கிவிட்டது என்று அழுதும் சிரித்தும் இருந்திருக்கிறார். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார், கருவியை எந்தக் கோணத்தில் வைத்தார்கள், அளக்கும் புள்ளியை எங்கே வைத்தார்கள் என்பதிலேயே இரண்டு மூன்று மி.மீ. மாறிவிடும். நான்கு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஒன்றும் மாறவில்லை. சில ஹெமஞ்சியோமா உண்மையாகவே மெதுவாகப் பெரிதாகும், அதுவும் கேன்சர் அறிகுறி இல்லை. ஓரம் கலைந்துபோவது, கறுப்பு வளையம் வருவது, புதிதாக வேறு புள்ளிகள் தோன்றுவது, சில மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வளர்வது, இவை இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ.

சிகிச்சை எப்போது என்றால், கட்டி மிகப் பெரிதாகி, பத்து செ.மீ. அளவுக்குப் போய், வயிற்றை அழுத்தி வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது என்று தொல்லை தரும்போதுதான். பெரிய நீர்க்கட்டிக்கும் அதே கணக்கு. அதை வெறுமனே உறிஞ்சி எடுத்தால் திரும்ப நிரம்பிக்கொள்ளும் என்பதால் லேப்ராஸ்கோப்பியில் அதன் மேற்கூரையை நீக்கிவிடுவார்கள். 19 மி.மீ. புள்ளி வலிக்காது. பிற்பாடு எப்போதாவது மேல்வயிறு வலித்தால் ஹெமஞ்சியோமா மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள், பித்தப்பைக் கல்லோ அல்சரோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த முறை எடுத்த ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையும், டிஸ்க்கில் போட்டுத் தந்தால் அதையும், வாங்கி ஃபைலில் வையுங்கள். ஹெபடைடிஸ் ரிசல்ட் வந்ததும் அதோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம் உடல் எடையும் சர்க்கரையும் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள், உங்கள் ரிப்போர்ட்டில் உண்மையில் கவனிக்க வேண்டியது மூன்றாவதாகப் போட்டிருக்கிற அந்த ஃபேட்டி லிவர்தான்.