விடுதிக் குளியலறையில் வெந்நீர் சுடாமல் இருக்க மிக்ஸிங் வால்வு

கேள்வி: எங்கள் விடுதியில் மொட்டை மாடி சோலார் ஹீட்டரிலிருந்து வரும் தண்ணீர் சில நாள் கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு போட்டால் போதுமா?

போதும், ஆனால் போட்ட பிறகு ஒரு சோதனையைச் செய்து பார்க்காத வால்வை நான் நம்ப மாட்டேன்.

வெயில் காயும் நாளில் சோலார் தொட்டி 70 டிகிரியைத் தாண்டும். 60 டிகிரித் தண்ணீரே ஐந்தாறு வினாடிகளில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். வால்வுக்குள் இருக்கும் மெழுகு நிரப்பிய சிறு குப்பி, கலந்த நீரின் சூட்டுக்கேற்ப விரிந்து சுருங்கி, உள்ளே ஒரு பிஸ்டனை நகர்த்தி வெந்நீரையும் குளிர்ந்த தண்ணீரையும் தேவையான அளவில் கலக்கிறது. வெந்நீர் 65, குழாய்த் தண்ணீர் 29 என்றால், 40 டிகிரிக்குப் பத்தில் மூன்று பங்கு வெந்நீர் போதும்.

வேளச்சேரிப் பக்கம் நான் பார்த்த ஒரு விடுதியில் ஆபத்து வேறு வழியில் வந்தது. வெந்நீர் மாடியிலிருந்து தானாக இறங்கியது. தண்ணீரோ பிரஷர் பம்ப் வழியே வந்தது, அதற்கு பைபாஸும் இல்லை. கரண்ட் போனதும் தண்ணீர் நின்று வெந்நீர் மட்டும் ஓடும். அந்த நொடியில் நல்ல வால்வு வெந்நீரையும் அடைத்துவிட வேண்டும். அங்கிருந்த வால்வு அடைக்கவில்லை. போர்வெல் உப்பு பிஸ்டனில் படிந்து இறுகியிருந்தது.

சோதனை இதுதான். ஷவரைத் திறந்து, வெப்பமானியில் 40 டிகிரி நிலைத்த பின், தண்ணீர் வரும் பக்கத்து வால்வைச் சட்டென்று மூடுங்கள். சில வினாடிகளில் ஓட்டம் சொட்டாகக் குறைய வேண்டும். மீண்டும் திறந்தால் பழைய சூட்டுக்கு ஓரிரு டிகிரிக்குள் திரும்ப வேண்டும். இதை மழைக்கால மேகமூட்ட நாளில் செய்து பயனில்லை, ஏனெனில் வெந்நீர் கலவையைவிடக் குறைந்தது 10 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பெரும்பாலான வால்வுகள் உறுதியாக அடைக்கும். தேறாவிட்டால் வடிகட்டியையும் பிஸ்டனையும் கழற்றி உப்பை நீக்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் உள் குப்பியை மாற்ற வேண்டும். சென்னையின் உப்பு நீருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை செய்வது நல்லது.

இரு பக்கமும், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது பழுதானால், பம்ப்பின் அழுத்தம் தண்ணீரை வெந்நீர்க் குழாய்க்குள் தள்ளும். யாரும் குளிக்காத நேரத்தில் வெந்நீர்க் குழாயைத் தொட்டால் சில்லென்று இருப்பது அதன் ஓர் அடையாளம்.

செலவு மிச்சம் என்று மொட்டை மாடியிலேயே ஒரே வால்வு போட்டு, 40 டிகிரி நீரைக் கட்டடம் முழுவதும் அனுப்பாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு மிகவும் பிடித்த சூடு அதுவே. தொட்டி நீர் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும், கலப்பது குளியலறைக்கு அருகில் நடக்கட்டும், அதற்குப் பிந்தைய குழாய் ஓரிரு மீட்டருக்கு மேல் நீளாமல் இருக்கட்டும்.