கூட வந்த மகனும், கட்சிக்காரரான அம்மாவும்

கேள்வி: சட்ட உதவி மையத்தில் ஒரு வாரம் கட்சிக்காரர்களிடம் பேசிக் குறிப்பெடுத்த மாணவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் நாட்குறிப்பில் என்ன எழுதினீர்கள்?

இந்த வாரம் என் நாட்குறிப்பில் பாதிப் பக்கங்களை ஒரே வழக்குதான் பிடித்துக்கொண்டது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வயதான ஒரு அம்மா மகனுடன் வந்தார். மகன் வாங்கிய கடன் நிலுவையில் நிற்க, கடன் கொடுத்தவர் இருவர் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார். அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். "ரெண்டு பேருக்கும் ஒரே கேஸ்தான், நானே சொல்லிடறேன்" என்றார் மகன். அம்மா தலையாட்டினார்.

எங்கள் சீனியர் வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த வரிசை இது: கதை கேட்குமுன் வழக்கில் உள்ள எல்லோருடைய பெயரையும் வாங்க வேண்டும். கடனாளியும் ஜாமீன்தாரரும் ஒரே பக்கம் போலத் தெரிவார்கள், ஆனால் ஒருவரைக் காப்பாற்றும் வாதம் மற்றவரைச் சிக்கவைக்கலாம். மகன் தன் ரகசியங்களை எல்லாம் எங்களிடம் கொட்டிவிட்டால், பிறகு அம்மாவுக்காக மட்டும் வாதாடுவதும் சிக்கலாகிவிடும். அதனால் பெயர்களை எழுதியதும், மகனை வெளியே உட்காரச் சொன்னோம். இங்கே எல்லோரிடமும் தனியாகத்தான் பேசுவோம் என்று சொன்னதால் அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

தனியாக இருந்தபோது, "அந்தக் காகிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். "சாட்சிக் கையெழுத்துன்னுதான் சொன்னான்" என்றார். உடனே துள்ளிக் குதிக்க முடியாது. தெரியாமல் போட்டேன் என்பதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. அதனால் அடுத்த கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்தன. யார் படித்துக் காட்டினார்கள்? கட்டங்கள் நிரப்பியிருந்தனவா, காலியாக இருந்தனவா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? "சாட்சி என்றுதானே நினைத்தீர்கள்?" என்கிற மாதிரிக் கேட்கவே கூடாது. பதிலை நாமே வாயில் போட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் அது நிற்காது.

அப்புறம் சம்மன். அதில் அச்சிட்ட தேதியைவிட அது கைக்குக் கிடைத்த தேதி முக்கியம், பதில் தாக்கல் செய்யும் கெடு பெரும்பாலும் அதிலிருந்துதான் ஓடும். நல்லவேளை, உறையை அவர் தூக்கிப் போடவில்லை. கெடு தாண்டினால் நம் பக்கத்தைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இதைச் சொன்னா அவனுக்கு ஏதாவது ஆகுமா?" சட்ட ஆலோசனை சொல்ல மாணவருக்கு அனுமதி இல்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தும் சீனியரை அழைத்தேன். அவர் மறைக்காமல் சொன்னார்: முழுப் பாரமும் மகன் மேல் விழலாம், முடிவு உங்களுடையது. மகனுக்கு வேறு வழக்கறிஞர் வேண்டும் என்பதையும் விளக்கினார்.

அம்மா யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். அவர் சம்மதத்தோடு, அவகாசம் கேட்கும் மனுவை மட்டும் இப்போது தயார் செய்து வைத்திருக்கிறோம்.