பாட்டில் ஒன்று, எச்.எஸ். கோடு இரண்டு

கேள்வி: ஸ்டீல் தண்ணீர் பாட்டில்களை இறக்குமதி செய்யப் போகிறேன். சுங்க வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்தானே எச்.எஸ். கோடு, அதை விற்பவர் இன்வாய்ஸில் 7323 என்று போட்டிருக்கிறார். இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் 9617 என்கிறார். சுங்க முகவரிடம் என்ன கேட்க வேண்டும்? மொத்தம் எவ்வளவு வரி வரும் என்று சரக்கு கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: உங்கள் பாட்டிலுக்குச் சுவர் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் நடுவில் இருப்பது காற்றா, வெற்றிடமா? இதைக் கேட்காமலே கோடு சொல்கிற முகவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்திருந்தால் அது பிளாஸ்க், 9617. ஸ்டீலில் செய்திருந்தாலும் அப்படித்தான். இரும்பு, எஃகு உள்ளிட்ட உலோகப் பொருட்களுக்கான பிரிவின் தொடக்கக் குறிப்பே, 9617 அடங்கும் 96-ஆம் அத்தியாயப் பொருட்களைத் தன்னிலிருந்து விலக்கிவிடுகிறது. ஒற்றைச் சுவர் என்றால் எஃகு வீட்டுச் சாமான், 7323. இரட்டைச் சுவர் இருந்தும் நடுவில் வெறும் காற்றுதான் என்றால் அதுவும் 7323. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாதிரி ஒன்றில் கொதிநீர் ஊற்றி வையுங்கள். வெற்றிடம் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் வெளிச்சுவர் சூடாகும். ஆனால் அதிகாரியிடம் உங்கள் கைச்சூட்டைக் காட்ட முடியாது. பாட்டிலின் குறுக்குவெட்டுப் படத்தையும், வெற்றிடம் உண்டா இல்லையா என்ற ஒரு வரியையும் தொழிற்சாலையிடம் எழுத்தில் வாங்குங்கள்.

விற்பவர் போட்ட கோட்டை அப்படியே நம்புவதுதான் எல்லோரும் விழும் குழி. அவர் தன் நாட்டு ஏற்றுமதிக்காகப் போட்டது அது. எச்.எஸ். முறையில் முதல் 6 இலக்கங்கள்தான் நாடுகளுக்குப் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் அந்தந்த நாட்டின் சொந்தம். வரி விகிதம் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டியிருக்கும். நான்கு இலக்கத்தை வைத்துக்கொண்டு வரி கேட்பது, தெருப் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்பது மாதிரி.

இதைவிட மோசமான ஒரு கூட்டம் உண்டு. “வரி, கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை, கோடு எங்கள் பொறுப்பு” என்பார்கள். பொறுப்பு அவர்களுடையது அல்ல. சுங்கத் தாளில் இறக்குமதியாளர் என்று இருப்பது உங்கள் பெயர். என்னிடம் வந்த ஒருவருக்கு இப்படித்தான் யாரோ குறைந்த வரிக் கோட்டில் சரக்கை எடுத்துக்கொடுத்தார். பழைய தாள்கள் தணிக்கைக்குப் போனபோது விடுபட்ட வரியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து வந்தன. எடுத்துக்கொடுத்தவரின் போன் அப்போது எடுக்கவே இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பரிசுப் பெட்டி விற்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஒரு பிளாஸ்க், இரண்டு ஸ்டீல் டம்ளர், மூன்றும் ஒரே பெட்டியில். இதைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே ‘செட்’டாக வகைப்படுத்த மூன்று நிபந்தனைகள் உண்டு: வெவ்வேறு நான்கு இலக்கத் தலைப்பில் வரக்கூடிய பொருட்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அவை ஒரே தேவைக்காகச் சேர்ந்திருக்க வேண்டும், மறுபடி பேக் செய்யாமல் நேரே வாங்குபவர் கைக்குப் போகும்படி இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், செட்டுக்கு அதன் தன்மையைத் தரும் பொருளின் கோடு எல்லாவற்றுக்கும், இங்கே பிளாஸ்க். அதே பெட்டியில் பேனாவும் சாவிக்கொத்தும் போட்டால்? சூடாகக் குடிப்பதற்கும் பேனாவுக்கும் சம்பந்தமில்லை, இரண்டாவது நிபந்தனை உடையும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். டம்ளர்கள் தனி அட்டைப்பெட்டியில் வந்து, இங்கே வந்தபின் சேர்த்து பேக் செய்வதாக இருந்தாலும் அது செட் அல்ல.

இனி வரி. விகிதங்களைக் கூட்டிச் சரக்கு விலையால் பெருக்காதீர்கள். பல நாடுகளில் சரக்கு விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்ததே வரி போடும் மதிப்பு. சரக்கு 1000, கூலியும் காப்பீடும் 100 என்றால் மதிப்பு 1100. உதாரணத்துக்குச் சுங்க வரி 10 சதவீதம் என்றால் 110. விற்பனை வகை வரி 20 சதவீதம் என்று வையுங்கள். அது மதிப்பும் சுங்க வரியும் சேர்ந்த 1210-க்குப் போட்டு 242. மொத்தம் 352. 1000-க்கு 30 சதவீதம், அதாவது 300 என்று நினைத்திருந்தால் 52 இடிக்கும். கூலியைச் சேர்க்காத நாடுகளும் உண்டு. உங்கள் நாட்டில் எது என்று முகவரைக் கேளுங்கள். பொருள் எங்கே தயாரானது என்பதையும் சொல்லுங்கள், எங்கிருந்து கப்பல் ஏறியது என்பதை அல்ல. அடிமாட்டு விலையில் கொண்டுவந்து குவிக்கும் சரக்கின்மேல் போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருந்தால் அது தயாரான நாட்டையும், சில சமயம் தொழிற்சாலையையும் பார்த்துத்தான் விழும்.

எந்தக் கோடு என்று சுங்கத்துறையிடமே முன்கூட்டித் தீர்ப்பு வாங்கும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். பதில் வருவதற்குள் உங்கள் சீசனே முடிந்துவிடலாம். ஒரே பாட்டிலுக்கு இரண்டு துறைமுகத்தில் இரண்டு அதிகாரிகள் இரண்டு கோடு சொன்னதை நானே பார்த்திருக்கிறேன், அதற்கு யாரும் வெட்கப்படவில்லை. ஆனாலும் தொடர்ந்து இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்றால் விண்ணப்பியுங்கள். முதல் சரக்குக்கு முகவரிடமிருந்து முழு இலக்கக் கோடு, எந்தக் குறிப்பின்படி அந்தக் கோடு, எந்தெந்த வரி எந்தத் தொகைமேல் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டால், போதாது என்று சொல்லுங்கள்.