பக்கத்து வீட்டை விட எனக்கு ஏன் இவ்வளவு வரி?

கேள்வி: செட்டிநாட்டில் எங்கள் பூர்விக வீடு, ஓட்டு வீடு. புது அளவீட்டுக்குப் பிறகு நகராட்சி 9,600 சதுர அடி என்று போட்டு அரையாண்டு வரி 14,400 ரூபாய் கேட்கிறது. அதே தெருவில் எங்கள் வீட்டைப் போலவே உள்ள இரண்டு வீடுகளுக்கு 6,600, 8,800தான். ஆட்சேபணைக் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்: மொத்த ரூபாயை ஒப்பிட்டு எழுதாதீர்கள். "உங்கள் வீடு பெரிது" என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும். ஒப்பிட வேண்டியது ஒரு சதுர அடிக்கு எவ்வளவு என்பதை. உங்களுக்கு அது 1 ரூபாய் 50 காசு. அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் வரி ரசீதையும் பதிவாகியுள்ள பரப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று 6,000 சதுர அடி, மற்றது 8,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 1 ரூபாய் 10 காசு வருகிறது. அதே தெரு, அதே குடியிருப்புப் பயன்பாடு என்றால் 40 காசு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கட்டட வகையில்தான் இருக்கும். ஓட்டுக்கூரையைக் கான்கிரீட் என்று குறித்திருப்பார்கள், அல்லது கட்டடத்தின் வயதைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். முகப்பு அறையைக் கடைக்கு விட்டிருந்தால் வீடு முழுவதையும் வணிகம் என்று எழுதிவிடுவதும் உண்டு. உங்கள் வீட்டின் அளவீட்டுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினால் எது என்று தெரிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்காகக் காத்திருந்து ஆட்சேபணைக் கெடுவைத் தவறவிட வேண்டாம். கெடு எது என்பதை அறிவிப்பிலேயே பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பரப்பு. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. அளக்க வருகிறவர் வெளிச்சுவரின் நீள அகலத்தைப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார், அதிலும் வீடு பூட்டிக் கிடந்தால் வேறு வழியும் இல்லை. 60 அடிக்கு 160 அடி, 9,600. சரி, வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம்? இரண்டாம் கட்டு முற்றம்? பின்னால் கிணறு இருக்கும் திறந்தவெளி? கூரை இல்லாத இடம் கட்டடப் பரப்பில் சேராது. டேப் பிடித்து அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு, வளவு முற்றம் 30 × 20, அதாவது 600. இரண்டாம் கட்டில் 20 × 20, 400. பின்கட்டில் 60 × 20, 1,200. ஆக 2,200 சதுர அடி கழிந்து 7,400 நிற்கும். 1.10 வீதத்தில் அரையாண்டுக்கு 8,140 ரூபாய்.

கடிதத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், பரப்பு முதலில். ஒப்பீட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: "அந்த வீடுகளுக்குத்தான் குறைவாகப் போட்டிருக்கிறோம், அவற்றை உயர்த்துகிறோம்" என்று அலுவலகம் திருப்பிவிடலாம். வரியும் குறையாது, பக்கத்து வீட்டு உறவும் கெடும். அளவுப் பிழைக்கு அப்படி ஒரு பதில் கிடையாது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டே அவர்கள் வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

ஆணையருக்கு எழுதும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட வரிவிதிப்பு எண்ணில் கட்டடப் பரப்பு 9,600 சதுர அடி எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இதில் 2,200 சதுர அடி கூரையில்லாத முற்றங்களும் திறந்தவெளியும் ஆகும் (வரைபடம், புகைப்படங்கள் இணைப்பு 1). மேலும், இதே தெருவில் இதே வகைக் கட்டடங்களான கீழ்க்கண்ட இரு வரிவிதிப்பு எண்களுக்குச் சதுர அடிக்கு ரூ.1.10 வீதம் வரும்போது, எனக்கு ரூ.1.50 வீதம் விதிக்கப்பட்டுள்ளது (இணைப்பு 2). என் முன்னிலையில் மறு அளவீடு செய்து, கட்டட வகையைச் சரிபார்த்து, வரியைத் திருத்தி ஆணையிட வேண்டுகிறேன்."

இவ்வளவு போதும். அநியாயம், பழிவாங்கல் போன்ற சொற்கள் வேண்டாம். கோப்பில் குறிப்பு எழுதும் எழுத்தர் அவற்றைத் தாண்டித்தான் எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

ரசீது இன்னும் ஐயா காலத்துப் பெயரில் இருந்தால், பங்காளிகளில் ஒருவர் கையெழுத்திட்டு மற்றவர்களின் சம்மதக் கடிதத்தை இணையுங்கள். இல்லாவிட்டால் "மனுதாரர் உரிமையாளர் அல்ல" என்று மனு அங்கேயே நின்றுவிடும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முடிவு வரும்வரை வரியை நிலுவையில் விடவும் வேண்டாம், தாமதத்துக்கு அபராதம் ஏறும். "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். குறைத்தால் அடுத்த அரையாண்டில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மறு அளவீட்டுக்குத் தேதி சொன்னால் யாராவது ஒருவர் சாவியுடன் அங்கே இருக்க வேண்டும். முற்றங்களை உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள். படிவத்தில் அவை தனியாகக் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.