கார் வேண்டுமா, பெரிய அறை வேண்டுமா: உறுத்தாமல் கேட்பது எப்படி?

கேள்வி: பாண்டிச்சேரியில் எட்டு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். விருந்தினர் வருவதற்கு முன், சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கார், கொஞ்சம் கூடுதல் காசில் நல்ல அறை இரண்டையும் சொல்லி மெயில் போடுகிறேன். “பணம் கட்டியாச்சே, இன்னும் ஏன் விற்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். எப்படி எழுதுவது?

பதில்: வருவதற்கு நாலு நாள் முன்னால் ஒரே ஒரு மெயில், அவ்வளவுதான். பதில் வராவிட்டால் நினைவூட்டல் வேண்டாம். விலையில் ஆரம்பிக்காமல் வழியில் ஆரம்பியுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரமாவது ஆகும், அறை மதியம் 1 மணிக்குத் தருவோம் என்று எழுதினால் கார் நினைப்பு அவருக்கே வரும். அப்புறம்:

“கார் வேண்டுமானால் அனுப்புகிறோம். டோல், பார்க்கிங், பெர்மிட், விமானம் தாமதமானால் காத்திருப்பு எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். இங்கே வந்து கொடுத்தால் போதும். விமான எண்ணை மட்டும் அனுப்புங்கள். வேறு ஏற்பாடு இருந்தால் பதில் போட வேண்டாம்.”

தொகை உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுப்புச் சொல்லும் சங்கடம் அவருக்கு இருக்காது.

அறையை, அவர் தங்கும் எல்லா இரவும் காலியாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். ‘டீலக்ஸ்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. “முற்றத்தைப் பார்த்த அறை மூன்று இரவும் காலி. தெருச் சத்தம் கேட்காது. இரவுக்கு 800 ரூபாய் கூடுதல். வேண்டாமென்றால் நீங்கள் எடுத்த அறை தயாராக இருக்கும்.” எடுத்த அறையை மட்டம் தட்டினால் வம்பு.

நள்ளிரவு விமானக்காரர் விஷயம் வேறு. 12ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்குகிறவர் 12ஆம் தேதியிலிருந்துதான் அறை எடுத்திருப்பார். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து உங்கள் வாசலுக்கு வர விடிகாலை 5 மணி. அறையோ மதியம் 1 மணிக்கு. இவரிடம் முற்றத்து அறையைப் பேசாதீர்கள். “11ஆம் தேதி இரவையும் சேர்த்துக்கொண்டால் வந்ததும் படுக்கலாம், இல்லையென்றால் பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்க இடம் தருகிறோம்” என்று எழுதுங்கள். இதை விற்பனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுதாமல் விட்டால்தான் விடிகாலையில் வரவேற்பறையில் சண்டை.

மெயிலில் பணம் கட்டும் லிங்க் வைக்கவே வைக்காதீர்கள். ஹோட்டல்களின் புக்கிங் கணக்கில் திருடர்கள் புகுந்து, ஹோட்டல் பெயரிலேயே “கார்டு விவரம் கொடுங்கள்” என்று விருந்தினருக்கு அனுப்பிய கதை உலகம் முழுக்க நடந்தது. உங்கள் லிங்க்கும் அப்படித்தான் தெரியும்.

அடுத்தது டிராவல்ஸ் புரோக்கர். எங்களுக்கு ஒருவர் 3,800 என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் டோலுக்கும் பெர்மிட்டுக்கும் விருந்தினரிடம் தனியாகக் கேட்டார், போதாததற்குக் கமிஷனுக்காக ஒரு கைவினைப்பொருள் கடையில் நிறுத்தினார். திட்டு விழுந்தது எங்கள் ரிவ்யூவில். டிரைவரை நேரடியாகப் பிடியுங்கள், தொகையை அவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுங்கள்.

புக்கிங் தளங்கள் பல, விருந்தினரின் சொந்த மெயிலைக் காட்டாமல் ஒரு மாற்று முகவரியைத் தருகின்றன. கமிஷனும் வாங்கிக்கொண்டு, நம் விருந்தினரிடமே நாம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அங்கே மெயிலை நம்பாமல், தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே இதே வரிகளைப் போடுங்கள்.