'ஓகே, பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினால் பார்ட்டி "ஓகே, பார்க்கிறேன்" என்று மட்டும் போடுகிறார். ஆர்வமா, எரிச்சலா, வேலை மும்முரமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி விற்கிறேன். பதினோரு வருஷமாக இதே வேலை. பதிலின் தொனியை நம்பி நிறைய ஆர்டர் இழந்திருக்கிறேன். இப்போது பார்ப்பது ஒன்றுதான்: அந்தப் பதில் எதைப் பற்றிப் பேசுகிறது? சரக்கைப் பற்றி என்றால் ஆர்வம். அவருடைய நேரத்தைப் பற்றி என்றால் வேலை மும்முரம். உங்களைப் பற்றி என்றால் எரிச்சல்.

போன வருஷம் ஒரு பர்ச்சேஸ் மேனேஜருக்குத் திங்கள் காலை எங்களை அறிமுகம் செய்து நாலு வரி போட்டேன். மறுநாள் இரவு ஒன்பதே முக்காலுக்குப் பதில் வந்தது: "5 பிளை ரேட்?" வணக்கம் இல்லை, சார் இல்லை. கூட வேலை பார்க்கும் தம்பி, "கடுப்புல இருக்கார்ண்ணே, விட்டுடலாம்" என்றான். நான் அனுப்பியதில் 5 பிளை என்ற ஐந்தடுக்கு அட்டைப் பெட்டி பற்றிய பேச்சே இல்லை. அதை அவராகக் கொண்டுவந்திருக்கிறார். நாம் சொல்லாத ஒரு விவரத்தை எதிராளி சேர்த்தால், எவ்வளவு மொட்டையாக இருந்தாலும் அது ஆர்வம். இரவு நேரமும் சுருக்கமும் காட்டியது, பகலில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை என்பதை மட்டும்தான்.

அந்த இடத்தில் கேட்லாக் அனுப்பியிருந்தால் கெட்டிருக்கும். "அளவும் எண்ணிக்கையும் சொன்னா நாளைக்கே ரேட் தர்றேன் சார். இப்ப வாங்குற பெட்டியோட போட்டோ அனுப்பினாலும் போதும்" என்று மட்டும் போட்டேன். காலையில் போட்டோ வந்தது. அடியில் இருந்த பெட்டியின் பக்கவாட்டு உப்பி, மேலே இருந்தவை சாய்ந்திருந்தன. கூடவே ஒரு வரி: "உங்க பெட்டியும் மழைக்கு இப்படித்தான் உட்காருமா?"

தம்பிக்கு இதுவும் குத்தலாகத்தான் பட்டது. ஆனால் குறை சொல்கிறவர் சரக்கோடு சண்டை போடுகிறார், நம்மோடு அல்ல. ஈரக்காற்றில் கிராஃப்ட் பேப்பர் ஈரம் இழுத்தால் அடுக்கு தாங்கும் பலம் இறங்கிவிடும். அதில் அவர் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறார். எத்தனை பெட்டி உயரம் அடுக்குகிறீர்கள், தரையில் நேராக வைக்கிறீர்களா, பலகை மேலா என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்.

ரேட் கொடுத்ததும் மூன்று நாள் சத்தமில்லை. பிறகு, "ஷிப்மென்ட் போகுது, அடுத்த வாரம் பேசலாம்." இது அவர் நேரத்தைப் பற்றிய பேச்சு. காரணமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது. நிஜமாகவே வேலையில் இருப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையாவது சொல்வார். நடுவில் நான் ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன். முன்னூறு பெட்டி சாம்பிளுக்கு எடுத்தார்.

எரிச்சல் நம் ஆட்களிடம் கோபமாக வருவது குறைவு. மரியாதையாகத்தான் வரும். அதே மாதம் "சொல்லுங்க ப்ரோ" என்று பேசிக்கொண்டிருந்த ஒருவர், என் மூன்றாவது நினைவூட்டலுக்கு "நன்றி. தேவை இருந்தால் நாங்களே தொடர்பு கொள்கிறோம்" என்று எழுதினார். ப்ரோ போய் எழுத்துத் தமிழ் வந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பண்டிகை வாழ்த்து அனுப்பினேன். "இந்த நம்பர் யார் கொடுத்தாங்க?" என்று வந்தது. அப்போது விளக்கம் கொடுக்கக் கூடாது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார், இனி அனுப்ப மாட்டேன்" என்று எழுதி, அதன்படியே நடந்துகொண்டேன். எப்போதுமே எழுத்துத் தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் அவருடைய முதல் மெசேஜோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொல்ல முடியும்.

நீல டிக், கட்டைவிரல், எத்தனை நிமிஷத்தில் பதில் வந்தது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. லோடு இறங்கும்போது கையில் போன் இருந்தால் யாரும் கட்டைவிரலைத் தட்டிவிடுவார்கள்.

உங்களுக்கு வந்த "ஓகே, பார்க்கிறேன்" சரக்கையும் பேசவில்லை, நேரத்தையும் பேசவில்லை, உங்களையும் பேசவில்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பியது விலைப்பட்டியல். அதில் கேள்வியே இல்லாதபோது அவர் வேறென்ன எழுதுவார்? நாலைந்து நாள் விட்டு, ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய மாதிரி ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு இந்த மாசம் தேவைப்படுமா, அடுத்த மாசமா சார்?" அதற்கு வரும் பதிலைப் படியுங்கள். அதற்கும் "ஓகே" என்றே வந்தால் ஒரு மாதம் அவரை விட்டுவிடுங்கள்.