நார் கேட்டின் வட்டத்தை எப்படி எழுதுவது?

"A, B இரண்டும் நார் கேட்டுக்குப் போகின்றன. அதன் வெளியீடும் C-யும் ஆண்ட் கேட்டுக்கு. (A'+B')·C என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள். ஏன்?"

நார் முனையில் உள்ள சின்ன வட்டம் A+B முழுவதையும் சேர்த்துத் தலைகீழாக்கும்; A, B-யைத் தனித்தனியாக அல்ல. நீங்கள் எழுதியது நாண்ட் கேட்டுக்குத்தான் பொருந்தும். நடுக் கம்பிக்கு P என்று பெயர் வையுங்கள்: P = (A+B)', Y = P·C. பிரித்தால் A'·B'·C, கூட்டல் பெருக்கலாகிவிடும், பலரும் சறுக்குவது இங்கேதான்.

அட்டவணையிலும் P-க்கு ஒரு நிரல் போடுங்கள். C=0 வரும் நான்கு வரிசையிலும் Y=0, அதை யோசிக்கவே வேண்டாம். மிச்சம்:

```
A B C | P | Y
0 0 1 | 1 | 1
0 1 1 | 0 | 0
1 0 1 | 0 | 0
1 1 1 | 0 | 0
```

சரி, 0 1 1 வரிசையை உங்கள் கோவையில் போட்டுப் பாருங்கள். 1 வரும், அட்டவணையிலோ 0.